பன்னிரண்டு மாடிக்கு ஒரு சாயில் பைப்: குழாயின் அளவும் ஆஃப்செட்டும்

கேள்வி: சென்னையில் ஸ்டில்ட்டும் அதன்மேல் 12 மாடியும் கொண்ட அடுக்ககம் கட்டுகிறோம். மாடிக்கு இரண்டு குளியலறைகள் (கழிப்பறை, வாஷ்பேசின், ஷவர்) கழிவைக் கீழே இறக்கும் ஒரே 110 மி.மீ. சாயில் பைப்பில் சேருகின்றன. கார் நிறுத்தும் இடத்துக்காக அந்தக் குழாயை ஸ்டில்ட் கூரைக்கு அடியில் 4 மீட்டர் பக்கவாட்டில் திருப்பி ஆஃப்செட் கொடுக்க வேண்டும். 110 போதுமா, முழுவதும் 160 போட வேண்டுமா? முன்பு கட்டிய கட்டடத்தில் இப்படித் திருப்பியதும் முதல் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் கொப்பளித்தது. அது மறுபடி வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்:

செங்குத்தாக இறங்கும் பகுதிக்கு 110 மி.மீ. போதும். ஆனால் கிளைகள் எல்லாம் சாய்வான ஒய் வழியாகச் சேர வேண்டும். கூடவே காற்று மட்டும் போய்வர 75 மி.மீ. வென்ட் குழாய் ஒன்று டக்டில் மொட்டைமாடி வரை ஓட வேண்டும். பக்கவாட்டில் திரும்பும் பகுதியும் அதற்குக் கீழே இறங்கும் பகுதியும் 160 மி.மீ. ஆக வேண்டும். முதல் மாடியின் இரண்டு குளியலறைகளையும் இந்தக் குழாயில் சேர்க்காமல் தனியாகச் சேம்பருக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த முடிவுகளுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வரைபடம் மாறினால் முடிவும் மாறும்.

சாயில் பைப்பில் தண்ணீர் குழாயை நிரப்பிக்கொண்டு இறங்குவதில்லை. கிளையிலிருந்து வரும் நீர் ஒரு மாடி உயரத்துக்குள் குழாயின் உட்சுவரில் பரவி, வளையம்போல ஒட்டிக்கொண்டு வழுக்கி இறங்குகிறது. நடுவில் காற்று நிற்கிறது. சுவரின் உராய்வும் நீரின் எடையும் சமமாகும்போது வேகம் கூடுவது நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் வைலியும் ஈட்டனும் செய்த சோதனைகளிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

Q = 27.8 × r^(5/3) × D^(8/3)

இதில் Q நிமிடத்துக்கு அமெரிக்க கேலன், D அங்குலத்தில் உள்விட்டம், r குழாயின் குறுக்குவெட்டில் நீர் பிடித்திருக்கும் பங்கு. பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழும் நீர் அடியில் பயங்கர வேகத்தில் மோதும் என்று தளத்தில் பலர் நம்புகிறார்கள். அதனால் வேகத்தை உடைக்க நடுவில் ஓர் ஆஃப்செட் வேண்டும் என்றுகூடக் கேட்கிறார்கள். அது தவறு. உங்கள் குழாயில் வரும் நீருக்கு இறுதி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர்தான், அதை எட்ட ஒன்றரை மீட்டர் உயரம்கூடத் தேவையில்லை. ஐந்தாம் மாடி நீரும் பன்னிரண்டாம் மாடி நீரும் ஒரே வேகத்தில்தான் கீழே வந்து சேரும்.

அப்படியானால் குழாயின் அளவைத் தீர்மானிப்பது எது? நடுவில் நிற்கும் காற்றுதான். வழுக்கி இறங்கும் நீர்ப்படலம் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது, அதுவும் நீரின் அளவைப்போலப் பல மடங்கு. ஐரோப்பியத் தரமான EN 12056-2, சாயில் பைப்பின் தலையில் காற்று வால்வு வைப்பதானால் நீரோட்டத்தின் 8 மடங்கு காற்றை அது உள்ளே விட வேண்டும் என்கிறது. அந்தக் காற்று மேலிருந்து தடையில்லாமல் வந்து, கீழே தடையில்லாமல் வெளியேறினால் சிக்கல் இல்லை. மேலே தடை இருந்தால் குழாய்க்குள் உறிஞ்சல் ஏற்படுகிறது. கீழே தடை இருந்தால் அழுத்தம் சேர்கிறது. இரண்டையும் தாங்கிக்கொண்டு குழாயின் காற்றை வீட்டுக்குள் விடாமல் காப்பது ஒவ்வொரு சாதனத்துக்கும் அடியில் வளைந்திருக்கும் ட்ராப்பில் நிற்கும் 50 மி.மீ. தண்ணீர் மட்டுமே. எனவே குழாய்க்குள் அழுத்தம் எந்தப் பக்கமும் சுமார் 38 மி.மீ. நீர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று பிரிட்டிஷ் நடைமுறை எல்லை வைத்திருக்கிறது. அமெரிக்க நடைமுறை இன்னும் கண்டிப்பாக ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ., என்கிறது.

இப்போது உங்கள் சுமை. EN 12056-2 முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் உண்டு: 6 லிட்டர் ஃபிளஷ் கழிப்பறைக்கு 2.0, வாஷ்பேசினுக்கு 0.5, ஷவருக்கு 0.6. ஒரு குளியலறைக்கு 3.1, மாடிக்கு 6.2, பன்னிரண்டு மாடிக்கு 74.4. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை எடுத்து, பயன்பாட்டைக் காட்டும் K என்ற எண்ணால் பெருக்க வேண்டும். வீடுகளுக்கு அது 0.5.

Q = 0.5 × √74.4 = 4.3 லிட்டர்/நொடி

இதை மேற்சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 110 குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 104 மி.மீ. என்ற கணக்கில், r வெறும் 0.18 வருகிறது. சுவரில் ஒட்டி இறங்கும் நீர்ப்படலத்தின் தடிமன் 5 மி.மீ. மட்டுமே. குழாயின் ஐந்தில் நான்கு பங்கு காலியாக இருக்கிறது. ஆனால் அதே தரத்தின் அட்டவணை, தலை திறந்த, தனி வென்ட் இல்லாத, உங்கள் 110 சேரும் 100 மி.மீ. வகைக் குழாய்க்கு, கிளைகள் நேர் டீயில் சேர்ந்தால் 4.0 லிட்டரும், சாய்வான ஒய்யில் சேர்ந்தால் 5.2 லிட்டரும்தான் அனுமதிக்கிறது. ஆக, நேர் டீ போட்டால் உங்கள் குழாய் இப்போதே எல்லையைத் தாண்டிவிட்டது. ஒய் போட்டால் உள்ளே வந்துவிடுகிறது.

ஒரே குழாய்க்கு இரண்டு அளவுகள் எப்படி வருகின்றன என்று கேட்கலாம். நேர் டீயிலிருந்து பாயும் நீர் எதிர்ச்சுவர் வரை போய் மோதி, ஒரு கணம் குழாயின் குறுக்கே திரைபோல நிற்கிறது. மேலிருந்து வரும் காற்று அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சாய்வான ஒய்யில் நீர் கீழ்நோக்கியே நுழைவதால் திரை மெலிகிறது. கடைக்காரர் இரண்டையும் ஏறக்குறைய ஒரே விலைக்குத் தருவார். டக்டில் இடம் குறைவு என்று பிளம்பர்தான் டீயைக் கேட்பார். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

75 மி.மீ. வென்ட் ஏன் என்பதும் இதே அட்டவணையிலிருந்து தெரியும். தனி வென்ட் குழாய் இணைந்து ஓடும்போது அதே 100 மி.மீ. வகையின் கொள்ளளவு டீயில் 5.6 லிட்டராகவும் ஒய்யில் 7.3 லிட்டராகவும் உயர்கிறது. அட்டவணை அதற்கு 50 மி.மீ. வென்ட்டைத்தான் கேட்கிறது, ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய்களில் நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 75 என்பதால் அதையே போடுங்கள். வீடுகளாகக் கட்டியது நாளை விடுதியாக மாறினால் K 0.7 ஆகிவிடும், அப்போது நீரோட்டம் 6.0 லிட்டர். வென்ட் இல்லாத 110 அதைத் தாங்காது. வென்ட்டோடு கூடியது தாங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்படும் கட்டடங்களில் காலை ஏழு மணி எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கூடுதல் இடைவெளியை வீண் என்று சொல்லமாட்டார்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். செங்குத்தில் நொடிக்கு 2.8 மீட்டரில் வழுக்கி வந்த நீர், பென்ட்டில் திரும்பிக் கிடைக்குழாயில் விழுகிறது. 50-க்கு 1 சரிவில் போகும் 110 குழாயில் நீர் இயல்பாக ஓடும் வேகம் நொடிக்கு சுமார் ஒரு மீட்டர்தான். வேகம் மூன்றில் ஒரு பங்காகும்போது அதே நீர் மூன்று மடங்கு இடத்தைப் பிடிக்கும்: செங்குத்தில் 18 சதவீதம் பிடித்தது இங்கே பாதிக் குழாயைத் தாண்டிவிடுகிறது. அந்த மாற்றமும் மெதுவாக நிகழ்வதில்லை. பென்ட்டைத் தாண்டி, பெரும்பாலும் குழாய் விட்டத்தின் பத்து மடங்கு தூரத்துக்குள், வேகமான மெல்லிய நீர் திடீரென்று எழும்பித் தடித்த நீராகிறது. இரண்டு மூன்று ஃபிளஷ் சேர்ந்து வந்துவிட்டால் அந்த இடத்தில் நீர் குழாயின் மேல்தளத்தையே தொட்டுவிடும். அப்போது நீரோடு இழுபட்டு வந்த காற்றுக்குப் போக வழியில்லை. அது பின்வாங்கி, ஆஃப்செட்டுக்கு மிக அருகில் இருக்கும் கிளையில் வெளியேறப் பார்க்கும். உங்கள் பழைய கட்டடத்தில் முதல் மாடிக் கழிப்பறை கொப்பளித்தது இதனால்தான். அங்கே அடைப்பு எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் யாராவது ஒருவர் இரண்டு மூன்று முறை அடைப்பு எடுக்கும் ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

ஆஃப்செட்டைத் தாண்டியபின் கதை தலைகீழாகிறது. அங்கே நீர் மறுபடி செங்குத்தாக விழுந்து காற்றை இழுக்கத் தொடங்கும். ஆனால் மேலிருந்து வரவேண்டிய காற்றைக் கிடைக்குழாயில் இருக்கும் நீர் மறித்துவிட்டதால் உறிஞ்சல் ஏற்படும். எனவே ஒவ்வோர் ஆஃப்செட்டையும் மேற்குழாய்க்கு அடியாகவும் கீழ்க்குழாய்க்குத் தலையாகவும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். நான்காம் மாடிப் போடியத்தில் திரும்பி, அதற்குக் கீழே மூன்று மாடிகளின் கிளைகளும் சேரும் குழாயில் இந்த இரண்டாவது பாதிதான் அதிகம் தொல்லை தரும். உங்கள் ஸ்டில்ட்டில் கீழ்ப்பகுதியில் கிளையே இல்லாததால், உறிஞ்சலைவிட மேலே சேரும் அழுத்தம்தான் கவலை.

கிடைக்குழாயின் அளவைச் செங்குத்தின் அட்டவணையிலிருந்து எடுக்கக் கூடாது. அதைச் சரிவில் ஓடும் வடிகாலாகவே கணக்கிட வேண்டும். 50-க்கு 1 சரிவில் பாதி நிரம்பி ஓடும் 110 குழாய் சுமார் 3.5 லிட்டரைக் கொண்டுபோகும், உங்கள் 4.3-க்குப் பற்றாது. அதே சரிவில் 160 குழாய் பாதி நிரம்பினால் சுமார் 11 லிட்டர். ஆகவே 4.3 லிட்டர் வரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கும் குறைவாகவே நீர் இருக்கும். அதற்கு மேலே காற்றுக்கு வழி இருக்கும். அமெரிக்க பிளம்பிங் விதித்தொகுப்பான IPC-யைப் பின்பற்றும் ஆலோசகர் இதை மறுக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முறையில் ஒரு வீட்டுக் குளியலறைக்கு 5 அலகு என்றால் 24 குளியலறைக்கு 120 அலகு. 48-க்கு 1 சரிவில் நான்கு அங்குலக் கிடைக்குழாய்க்கு 216 அலகு வரை அனுமதி உண்டு. கணக்கு சரிதான். ஆனால் அதே விதி பல மாடிச் செங்குத்துக் குழாய்க்கு 500 அலகு தருகிறது என்பதைக் கவனியுங்கள். கிடையில் அதே விட்டம் பாதிக்கும் குறைவான சுமையைத்தான் ஏற்கிறது என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. பன்னிரண்டு மாடியின் நீர் ஒரே பென்ட்டில் திரும்பும் இடத்தில் நான் 110-ஐ வைக்கமாட்டேன். ஒருமுறை பெரிதாக்கியபின் கீழே இறங்கும் பகுதியில் மறுபடி 110-க்குக் குறைக்கவும் கூடாது. கழிவு ஓடும் திசையில் குழாய் சிறுத்தால் அந்த இடத்தில் அடைப்பு நிச்சயம்.

இதே காரணத்தை வைத்து மேலிருந்து கீழ் வரை முழுவதும் 160 போடலாமா என்றால், போடலாம். 160 சேரும், வென்ட் இல்லாத 150 மி.மீ. வகைக்கு நேர் டீயிலேயே 9.5 லிட்டர் அனுமதி உண்டு. ஆனால் டக்டில் இடமும் செலவும் கூடும். அதைவிட முக்கியமாக, ஆஃப்செட்டுக்கான காற்று வழி அப்போதும் தனியாக வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பணத்தை வென்ட்டில் போடுவதே மேல்.

அந்தக் காற்று வழியை இப்படி அமையுங்கள். மேற்குழாயில், ஆஃப்செட் பென்ட்டுக்கும் அதற்கு மேலே சேரும் முதல் கிளைக்கும் நடுவில், மேல்நோக்கிச் சாய்ந்த ஒய் ஒன்றை வைத்து, அதிலிருந்து 75 மி.மீ. குழாயை எடுத்து வென்ட்டோடு சேருங்கள். வென்ட்டோடு சேரும் இடம் அந்த மாடியிலுள்ள சாதனங்களின் விளிம்பு மட்டத்துக்குக் குறைந்தது 150 மி.மீ. மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே அடைப்பு வரும் நாளில் கழிவு வென்ட்டுக்குள் ஏறி, அங்கேயே காய்ந்து வழியை மூடிவிடும். இரண்டாவது இணைப்பு ஆஃப்செட்டுக்குக் கீழே. கிடைக்குழாய் கீழே திரும்பும் இடத்தில் வெறும் பென்ட் போடாமல், ஒய்யும் 45 பாகை பென்ட்டும் வைத்து, நிமிர்ந்து நிற்கும் வாயிலிருந்து 75 மி.மீ. குழாயை மேலேற்றி அதே வென்ட்டில் சேருங்கள். மேலே தேங்கும் காற்று இந்த வழியாகச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடும். கீழே காற்றுப் பற்றாக்குறை வந்தால் அதுவும் இந்த வழியாகவே தீரும். கிடைக்குழாயிலிருந்தே நேரடியாக வென்ட் எடுக்க நேர்ந்தால், குழாயின் உச்சியிலிருந்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் அது சில மாதங்களில் கழிவால் அடைந்துபோகும்.

பென்ட்டுகளைப் பொறுத்தவரை, மேற்குழாய் கிடையாகத் திரும்பும் இடத்திலும் கடைசியில் தரையில் திரும்பும் இடத்திலும் ஒற்றை 90 பாகை பென்ட் வேண்டாம். இரண்டு 45 பாகை பென்ட்டுகளை, நடுவில் ஒரு சிறு நேர்த்துண்டோடு வையுங்கள்; அல்லது மையக்கோட்டின் ஆரம் குழாய் விட்டத்தின் இருமடங்குக்குக் குறையாத நீண்ட பென்ட் கிடைத்தால் அதை வையுங்கள். பென்ட்டுக்கு அடியில் கிளாம்ப் மட்டும் போதாது, தாங்கி வேண்டும். 4 மீட்டர் கிடைக்குழாயின் தொடக்கத்தில், கீழே காரை நகர்த்தினால் கை எட்டும்படி, ஒரு கிளீனிங் டோரும் வேண்டும்.

முதல் மாடியைப் பிரிக்கச் சொன்னேன். பிரிட்டிஷ் நடைமுறையில் ஐந்து மாடிக்கு மேல் உயர்ந்த கட்டடத்தில் தரைத்தளச் சாதனங்களைப் பொதுக் குழாயில் சேர்ப்பதில்லை. இருபது மாடியைத் தாண்டினால் அதற்கு மேல்தளத்தையும் சேர்ப்பதில்லை. உங்கள் ஆஃப்செட்டைக் குழாயின் அடி என்று கொண்டால், முதல் மாடிதான் அதற்குத் தரைத்தளம். அந்த இரண்டு குளியலறைகளுக்கும் தனி 110 குழாய் ஒன்றை ஸ்டில்ட் கூரையடியில் கொண்டுபோய், தூண் ஓரமாக இறக்கிச் சேம்பரில் விடுங்கள். அதற்கும் தலையில் காற்று வேண்டும். அதே 75 மி.மீ. வென்ட்டில் சேர்த்துவிடலாம். இடமே இல்லை, ஆஃப்செட்டில்தான் சேர்க்க வேண்டும் என்றால், பென்ட்டிலிருந்து குழாய் விட்டத்தின் பத்து மடங்கைத் தாண்டி, அதாவது 160 குழாயில் 1.6 மீட்டருக்கு அப்பால், சேருங்கள். காவலாளியின் கழிப்பறையும் ஸ்டில்ட்டில் இருக்கும். அதையும் நேராகச் சேம்பருக்கே விடுங்கள்.

சலவை இயந்திரத்தின் நீரை இந்தக் குழாயில் விடாமல் இருப்பது நல்லது. சோப்பு நுரை ஆஃப்செட்டில் தங்கிக் குழாயின் மேற்பாதியை அடைத்துக்கொள்ளும். நீர் ஓடிவிடும், ஆனால் காற்று நுரையைத் தாண்டாது. நான் பார்த்த ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் முதல் மாடி நஹானி ட்ராப்பில் வெண்ணுரை பொங்கி வரும். மற்ற நாட்களில் ஒன்றும் இருக்காது. மேல்வீடுகள் எல்லாம் அன்றுதான் துணி துவைத்தன என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஆஃப்செட்டின் தூரம் 4 மீட்டராக இல்லாமல் அரை மீட்டராக இருந்திருந்தால் பதில் வேறு. குழாயைப் படுக்கவிடாமல் 45 பாகையில் சாய்த்துக் கொண்டுபோனால் நீரின் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. அதைச் செங்குத்தாகவே கருதி அதே 110-ஐத் தொடரலாம், சாய்வுக்கு மேலும் கீழும் 600 மி.மீ. தூரத்துக்குக் கிளை சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். அரை மீட்டர் நகர அரை மீட்டர் உயரம் செலவாகும் என்பதால் பீமின் ஆழத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

மேலே வென்ட் குழாய் ஏற்ற முடியாதபோது காற்று வால்வை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த வால்வு காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. ஆஃப்செட்டுக்கு மேலே சேருவது வெளியேற வேண்டிய அழுத்தம் என்பதால் அங்கே அதனால் பயனில்லை. மொட்டைமாடியில் 110 குழாயை அதே விட்டத்திலேயே வெளியே கொண்டுபோய், காற்று போய்வரும் கௌல் மூடியைப் போடுங்கள். நீர்க்காப்புப் பூச்சு வேலை செய்பவர்கள் குழாய் வாயில் சாக்கைத் திணித்துவிட்டு மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. ஒப்படைக்கும் முன் ஏறிப் பாருங்கள்.

டக்டை மூடுவதற்கு முன் சோதனை செய்துவிடுங்கள். எல்லா ட்ராப்பையும் நிரப்புங்கள். மேல் மாடிகளில் மூன்று நான்கு பேரை நிறுத்தி, செல்பேசியில் சொல்லி ஒரே நேரத்தில் ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள். கூடவே சில வாஷ்பேசின்களையும் நிரப்பித் திறந்துவிடட்டும். அந்த நேரத்தில் இரண்டாம், மூன்றாம் மாடிக் கழிப்பறைகளில் ஒருவர் நிற்க வேண்டும். நீர் மேலெழும்பிக் குமிழிட்டால் கீழே காற்று தடைபடுகிறது. நீர்மட்டம் இறங்கி, உறிஞ்சும் ஓசை கேட்டால் மேலிருந்து காற்று வரவில்லை. இதையே மூன்று முறை செய்தபின் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு குச்சியை விட்டு அளந்து பாருங்கள். குறைந்தது 25 மி.மீ. நீர் நிற்க வேண்டும். எண்ணாகவே தெரிய வேண்டுமானால், இரண்டாம் மாடி கிளீனிங் டோரின் மூடியில் துளையிட்டு, U வடிவில் வளைத்து நீர் நிரப்பிய ஒளிபுகும் டியூப்பின் ஒரு முனையைச் செருகுங்கள். இரண்டு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடு 38 மி.மீ.-ஐத் தாண்டினால் வென்ட் இணைப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். குடியேறியபின் வரும் நாற்றப் புகார்களில் பூட்டிக் கிடக்கும் வீட்டு நஹானி ட்ராப் வெயிலில் வற்றியதும் ஒன்றாக இருக்கும். ஒரு குவளை நீர் ஊற்றியதும் நாற்றம் நின்று, பல நாட்களுக்குத் திரும்பாவிட்டால் அது வற்றல், மறுநாள் காலையே திரும்பினால் அது அழுத்தம்.